சம்ப் மேடையில் பெண்கள் ஏறக்கூடாது

எலகந்த தோட்டப் பாடசாலைக்குப் புது மோட்டர் வந்த திங்கட்கிழமை, அதைப் பார்த்துக் கைதட்டுவதற்காக நூற்றெண்பது பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி வைத்திருந்தார்கள். மோட்டர் என்னவோ ஒரு பூசணிக்காய் அளவுதான். அதற்குக் கட்டிய வாழைமரமும் தோரணமும் மட்டும் ஒரு கல்யாணத்துக்குக் காணும்.

மோட்டரைக் கொடுத்தவர் குருவிட்ட பஜாரில் மளிகைக்கடையும் பக்கத்தில் ஒரு மாணிக்கக் குழியும் வைத்திருக்கும் இராமையா முதலாளி. கொடுத்தது தன் தகப்பனார் நினைவாக. மோட்டர் கொட்டில் சுவரில் தகப்பனார் பெயர் சின்னதாகவும் தன் பெயர் பெரிதாகவும் எழுதிய கல் ஒன்றையும் பதிக்க வைத்திருந்தார். பழைய மோட்டர் பேரிங் இறுகிச் செத்துப்போனதால் புதியது வேண்டியிருந்தது உண்மைதான். ஆனால் மாறியது மோட்டர் மட்டும்தான். சம்பு என்கிற நிலத்தடித் தொட்டிக்குள் இறங்கும் பழைய குழாயையோ, அதன் நுனியில் தண்ணீருக்குள் கிடந்து, ஏறிய தண்ணீரைத் திரும்ப இறங்க விடாமல் பிடிக்கும் ஃபுட் வால்வையோ ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. பாசி பிடித்த குழாயில் யார் பெயரை எழுதுவது?

பரிமளம் கடைசி வரிசைக்குப் பின்னால் துடைப்பத்தோடு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பாடசாலையைக் கூட்டுவது, மலசலகூடம் கழுவுவது, காலையில் மோட்டர் போட்டுத் தாங்கி நிறைந்ததும் நிறுத்துவது எல்லாம் நான்கு வருடமாக அவள் வேலை. மலை ஊற்றுத் தண்ணீர் மைதானத்தின் ஓரத்துச் சம்பில் வந்து விழும். சம்பின் சிமெந்து மேடையிலேயே மோட்டர் கொட்டிலும் இருந்தது. அந்தத் தண்ணீரை மேட்டில் நிற்கும் தாங்கிக்கு ஏற்றினால்தான் குழாய்களில் தண்ணீர். மோட்டருக்கு எந்தக் காலையில் என்ன குணம் என்பது அவளுக்குத் தெரியும். அன்றைக்கு அவளை யாரும் முன்னால் கூப்பிடவில்லை. கூப்பிடுவார்கள் என்று அவளும் நினைக்கவில்லை.

பூசை முடிந்ததும் இராமையா முதலாளி சம்பின் மூடியைத் திறக்கச் சொன்னார். வீட்டுக்கு அடிக்கல் வைக்கும் குழியில் நவதானியம் போடுவார்களே, அதே மாதிரி இதிலும் போட வேண்டுமாம். இரண்டு கை நிறைய நெல்லும் எள்ளும் பயறும் உளுந்துமாக அள்ளிச் சம்புக்குள் இறைத்தார். கும்பத்தில் சுற்றியிருந்த மஞ்சள் நூலையும் அறுத்து உள்ளே போட்டார்.

"குடிக்கிற தண்ணியில..." என்று பரிமளம் வாய்க்குள் முனகினாள். பக்கத்தில் நின்ற கணித ஆசிரியை கலைச்செல்வி மட்டும் அதைக் கேட்டு உதட்டைக் கடித்தாள்.

பாடசாலை அதிபர் தருமலிங்கம் சுவிட்சைப் போட்டார். தாங்கியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்திருந்த அதிகாரி கைதட்டியபடியே வடையையும் முடித்தார். பத்து நிமிடத்தில் மோட்டரை நிறுத்தி, மாலை போட்டு, படம் எடுத்து, எல்லோரும் கிளம்பிப் போனார்கள். தாங்கியில் பத்து நிமிடத் தண்ணீர். அது பள்ளிக்கூடம் விடும் முன்பே தீர்ந்துபோனது.

செவ்வாய்க்கிழமை காலை பரிமளம் சுவிட்சைப் போட்டாள். மோட்டர் ஓடியது. தண்ணீர் ஏறவில்லை.

இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு நிறுத்தினாள். மோட்டரின் தலையில் இருக்கும் மூடியைக் கழற்றி ஜக்கால் தண்ணீர் ஊற்றினாள். இறைக்கிற பகுதியும் கீழே போகும் குழாயும் முழுக்கத் தண்ணீராக இருந்தால்தான் மோட்டர் சம்புத் தண்ணீரை இழுக்கும். உள்ளே காற்று இருந்தால் சும்மா சுற்றும். ஜக் ஜக்காக ஊற்றினாள். விளிம்பு வரை வந்தது. கை எடுத்த கையோடு களுக் களுக்கென்று இறங்கிப் போனது. இன்னொரு தரம் ஊற்றினாள். அதுவும் போனது.

அவள் புருஷன் அழகமுத்து குருவிட்டப் பக்கம் மாணிக்கக் குழியொன்றில் தண்ணீர் இறைக்கும் மோட்டர்காரன். குழிக்குள் ஊறும் சேற்றுத் தண்ணீரை நாள் முழுக்க வெளியே தள்ளுவதுதான் அவன் பிழைப்பு. அன்று இரவுச் சாப்பாட்டில் அவள் சொன்னபோது அவன் தட்டிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"ஊத்துன தண்ணி நிக்குதா, இறங்குதா?"

"இறங்குது."

"அப்ப அடியில வால்வு புடிக்கல. நிக்குது, ஆனா மோட்டர் இழுக்கலன்னா வால்வு தொறக்காம ஒட்டிக்கிச்சுன்னு அர்த்தம். இறங்குனா வாய்ல என்னமோ மாட்டியிருக்கு, இல்ல ரப்பர் போயிருக்கு. எங்க குழியில வாரத்துக்கு ரெண்டு தரம் எல குச்சி மாட்டும். குழாய தூக்கி, எடுத்து வீசிட்டுப் போட்டா சரி."

"குழாய தூக்கவா? நாளைக்கே அதிபர் சேர்கிட்ட சொல்றேன்."

"சொல்லு. காத்துல மட்டும் ஓட விடாத. உள்ள சீல் கருகிரும்."

அதைச் சொல்லத்தான் புதன்கிழமை காலை அதிபரின் அறைக்குப் போனாள். அங்கே இராமையா முதலாளி முன்னமே வந்து உட்கார்ந்திருந்தார். தன் மோட்டர் ஓடவில்லை என்றால் தன் மானம் போகுமே.

"மொத நாள் நல்லா ஏறுச்சா இல்லையா?" என்று முதலாளி கேட்டார். "சேர் கையால போட்டாரு, ஏறுச்சு. மறுநா யாரு போட்டது?"

"நான்தாங்க மொதலாளி."

"அதான்." அவர் அதிபரைப் பார்த்துத் திரும்பினார். "மாணிக்கக் குழியில பொம்பள கால் வைக்கக் கூடாதும்பாங்க சேர். வச்சா கல்லு மறைஞ்சிரும். எங்க குழியில இருவது வருசமா ஒரு பொம்பள எட்டிப் பாத்ததில்ல. இதுவும் பூமிக்குள்ள தோண்டுன குழிதானே. பூச போட்ட எடம் வேற."

அந்த இருபது வருடத்தில் அந்தக் குழியில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு கல்லும் எடுத்ததில்லை என்பது குருவிட்ட பஜாரில் எல்லோருக்கும் தெரியும். எந்தப் பெண்ணும் எட்டிப் பார்க்காமலே அத்தனை கல்லும் மறைந்துபோயிருந்தது.

பரிமளம் அதிபரிடம் சொன்னாள். "சேர், அடியில வால்வு கசியுதுங்க. ஊத்துற தண்ணி நிக்க மாட்டேங்குது. குழாய வெளிய எடுத்துப் பாத்தா..."

தருமலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். இரண்டு பட்டம் வாங்கியவர். ஒன்பதாம் தரத்துக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். வளியமுக்கம் என்கிற காற்றழுத்தம் தண்ணீரைக் குழாய்க்குள் எப்படித் தள்ளுகிறது என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டு அவர் கீறிய படம் இன்னும் அழியாமல் இருந்தது. அப்படிப்பட்டவர் ஒரு நிமிடம் முதலாளியைப் பார்த்தார். முதலாளி அடுத்த மாதம் பாடசாலைக்கு மதில் கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார். வளியமுக்கம் மதில் கட்டித் தராது.

"பரிமளம், நீர் உதுக்குள்ள தலையைப் போடாதையும்," என்றார். "நான் இருபது வருசமா விஞ்ஞானம் படிப்பிக்கிறன். எனக்குத் தெரியாதே? முதலாளி சொல்லுறதிலயும் ஒரு விசயம் இருக்கு. இனி மோட்டரை நான் பார்க்கிறன். திறப்பைத் தாரும்."

கொட்டில் சாவியும் சம்ப் மூடிப் பூட்டின் சாவியும் அவர் மேசைக்குப் போயின. மத்தியானத்துக்குள் முதலாளியிடமிருந்து ஒரு பலகை வந்தது. வெள்ளைப் பூச்சில் சிவப்பு எழுத்து. 'சம்ப் மேடையில் பெண்கள் ஏறக்கூடாது'. அந்தப் பள்ளிக்கூடத்தில் உடைந்த யன்னலுக்குக் கண்ணாடி வர இரண்டு வருடம் ஆனது. பலகை மட்டும் இரண்டு மணி நேரத்தில் வந்துவிட்டது.

தாங்கியில் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாத மலசலகூடம் நாறும் என்று பெண்பிள்ளைகளின் பக்கத்தையும் பூட்டச் சொன்னார் அதிபர். ஆண்பிள்ளைகள் ரப்பர் மரங்களுக்குள் போய்விட்டு வந்தார்கள். ஆசிரியைகள் பக்கத்து விடுதிக்குப் போனார்கள். தொண்ணூற்றிரண்டு பெண்பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அதுதான் பரிமளத்துக்குப் பொறுக்கவில்லை. சம்பு நிறையத் தண்ணீர் கிடக்கிறது. மூடி பூட்டியிருப்பதால் ஒரு வாளி அள்ள முடியாது. அவள் கீழே ஓடைக்கு இறங்கி, வாளி வாளியாகத் தூக்கிக்கொண்டு வந்து, கழுவி வைத்து, திறந்து விடுங்கள் என்று கேட்டாள். நிரந்தரமாகத் தண்ணீர் வந்தால் திறக்கலாம் என்று பதில் வந்தது.

அவள் மகள் லக்ஷிகா அங்கேதான் ஒன்பதாம் தரம். புதன்கிழமை பள்ளிவிட்டு வந்ததும் பரிமளம் அவள் பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்தபோது, காலையில் நிரப்பிய தண்ணீர் கழுத்து வரை அப்படியே இருந்தது. முதல்நாளும் அப்படித்தான் இருந்தது என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"ஏன்டி குடிக்கல?"

"குடிச்சா போகணும்ல அம்மா."

"காலையில இருந்து ஒரு சொட்டும் குடிக்கலயா?"

"யாருமே குடிக்கல. எட்டாம் வகுப்புல ஒரு புள்ள மயங்கிருச்சு. வெயில்னு சொன்னாங்க."

வியாழக்கிழமையும் போத்தல் நிறையத் திரும்பி வந்தது. அன்று இரவு லக்ஷிகா அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். ஒன்றுக்குப் போனால் எரிகிறது என்றாள். பரிமளம் விளக்கை அணைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. அந்தச் சிவப்பு எழுத்துப் பலகையைப் பிடுங்கி யார் தலையில் போடலாம் என்றுதான் யோசனை ஓடியது. இரண்டு தலைகள் இருந்தன, பலகை ஒன்றுதான்.

இதற்கிடையில் அதிபர் காலையும் மாலையும் மோட்டர் போட்டுப் பார்த்தார். மூடியைக் கழற்றித் தண்ணீர் ஊற்றுவார். அது இறங்கி முடியும் முன்னே அவசரமாக மூடி, சுவிட்சைப் போட்டு, கைகட்டி நிற்பார். மோட்டர் காற்றை அரைத்தபடி ஐந்து நிமிடம், பத்து நிமிடம் கத்தும். தொட்டால் கை சுடும். வெள்ளிக்கிழமை காலை அச்சு நுழையும் இடத்திலிருந்து சொட்டுச் சொட்டாக ஒழுக ஆரம்பித்திருந்தது. பெண் கை படாமலே மோட்டர் நல்ல வேகத்தில் நாசமாகிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை பரிகாரப் பூசை என்று முதலாளி நாள் குறித்திருந்தார். புதுக் கும்பம், புது நூல், இந்தத் தரம் நவதானியம் ஒரு கிலோ. பத்து மணிக்குப் பிள்ளைகளை மறுபடியும் மைதானத்தில் நிறுத்தினார்கள். சம்பின் மூடியும் கொட்டிலும் திறந்து வைக்கப்பட்டன. ஐயர் புறப்பட்ட முச்சக்கரவண்டி எங்கேயோ பழுதாகி நின்றுவிட்டதாகத் தொலைபேசி வந்தது. முதலாளியும் அதிபரும் கொட்டில் நிழலில் நின்று, மதில் எத்தனை அடி உயரம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பதாம் தர வரிசையில் லக்ஷிகா ஒரு கையால் வயிற்றை அழுத்தியபடி நின்றாள். பரிமளம் அதைப் பார்த்தாள். துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு நேரே நடந்து சம்ப் மேடையில் ஏறினாள்.

மைதானம் முழுக்கத் தலைகள் மேடைப் பக்கம் திரும்பின.

"இந்தா புள்ள! போர்டு கண்ணுக்குத் தெரியல?" என்று முதலாளி கத்தினார்.

"தெரியுதுங்க மொதலாளி. எழுத்து நல்லா இருக்கு." அவள் குனிந்து, மோட்டருக்குள் குழாய் நுழையும் இடத்து யூனியன் இணைப்பை இரண்டு கையாலும் பிடித்துத் திருகினாள். அது இறுகியிருந்தது. முந்தானையைச் சுற்றித் திருகினாள். அசைந்தது.

"பரிமளம்! இறங்கும் கீழ. இண்டைக்கே உம்மை வேலையால நிப்பாட்டுவன்," என்றார் அதிபர்.

"நிப்பாட்டுங்க சேர். இதப் பாத்துட்டு நிப்பாட்டுங்க."

குழாய் எட்டடி நீளம். ஒருத்தியால் நேராகத் தூக்க முடியாது. அவள் தலையை நிமிர்த்தியபோது கலைச்செல்வி ஆசிரியை சப்பாத்தைக் கழற்றிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகி, மேடையில் ஏறிக்கொண்டிருந்தாள். ஒன்றுக்கு இரண்டு பெண்களாகிவிட்டார்கள். வானம் இடியவில்லை.

"பாரமே இல்லயே," என்றாள் கலைச்செல்வி, குழாயை இழுத்தபடி.

"வால்வு புடிச்சிருந்தா குழாய் நெறயத் தண்ணி நிக்கும் மிஸ். பாரமா இருக்கணும்."

குழாய் மேலே வந்தது. நுனியில் பித்தளை ஃபுட் வால்வு, அதைச் சுற்றி ஓட்டை ஓட்டையாக வடி. அதன் அடியில் மஞ்சள் நூல் தாடி மாதிரி தொங்கியது. பரிமளம் வடியைத் திருகிக் கழற்றினாள். உள்ளே மூடித் திறக்கும் ரப்பர் தட்டு சாய்ந்து நின்றது. ஒரு பக்கம் நூல் சுருண்டு கிடந்தது. அந்தச் சுருளுக்குள் சிக்கி, தட்டுக்கும் வாய்க்கும் நடுவில், உப்பிப் பெருத்து, வெள்ளையாக வால் முளைத்த பயறுகள் நாலைந்து.

திங்கட்கிழமை மோட்டர் ஓடியபோது வடி ஓட்டைக்குள்ளால் நுழைந்திருக்கின்றன. நிறுத்தியதும் தட்டு அவற்றின் மேல் விழுந்திருக்கிறது. அன்று விட்ட இடுக்கு வழியாகத்தான் நாலு நாளாக ஊற்றிய தண்ணீரெல்லாம் சம்புக்கே திரும்பிப் போயிருக்கிறது. பயறு மட்டும் சொகுசாகக் குடித்து முளைவிட்டிருக்கிறது.

அவள் பயறையும் நூலையும் விரலால் நோண்டி எடுத்தாள். மேடையிலிருந்து கையை நீட்டி, முதலாளி பிடித்திருந்த பூசைத் தாம்பாளத்தில், கற்பூரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இந்தாங்க மொதலாளி. நீங்க போட்டதுதான். நல்லா மொளச்சிருக்கு."

பிள்ளைகள் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. அதிபர் அதட்ட வாயைத் திறந்தார். தாம்பாளத்தைப் பார்த்தார். விஞ்ஞானம் படிப்பிக்கிறவருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அவர் முகம் கன்றிப்போனது. அது நல்லதுதான் என்று பரிமளம் நினைத்தாள். கன்றுவதற்கு அவருக்கு இன்னும் ஒரு முகம் மிச்சம் இருக்கிறதே.

ரப்பர் தட்டை விரலால் தூக்கித் தூக்கி விட்டுப் பார்த்தாள். டப் டப்பென்று சரியாக உட்கார்ந்தது. வடியைப் பூட்டி, குழாயை நிமிர்த்திப் பிடித்து, மேல் நுனியால் தண்ணீர் ஊற்றச் சொன்னாள். கலைச்செல்வி ஊற்றினாள். கீழே ஒரு சொட்டு விழவில்லை. அதோடு விடவில்லை பரிமளம். சம்பின் அடியில் மிச்சத் தானியம் கிடக்கிறது, விட்டால் நாளைக்கே மறுபடி மாட்டும். ரப்பர் பால் வடிக்கும் வலையை ஒரு மூங்கிலில் கட்டி, அடியைத் துழாவித் துழாவி அள்ளிக் கொட்டினாள். உப்பிய உளுந்தும் நெல்லும் நாற்றத்தோடு வந்தன. நாலு நாள் இந்தத் தண்ணீர் ஏறாமல் இருந்ததும் ஒருவகையில் நல்லதே என்று மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அடைப்பைத் திறந்து சம்பை ஒரு தரம் வடித்துவிட்டு, ஊற்றுத் தண்ணீரைப் புதிதாக நிறைய விட்டார்கள். ஒரு மணி நேரம் போனது. யாரும் வகுப்புக்குப் போகவில்லை.

குழாயை இறக்கி, யூனியனின் ரப்பர் வளையத்தைத் துடைத்து வைத்து, இறுக்கினாள். மோட்டரின் தலையில் விளிம்பு வரை ஊற்றினாள். கையை எடுத்துவிட்டு நின்றாள். அச்சோரம் சொட்டிய சொட்டைத் தவிர தண்ணீர் இறங்காமல் நின்றது. மூடியை இறுக்கினாள்.

"சேர், சுவிட்ச்ச நீங்க போடுறீங்களா, பொம்பள போடவா?"

அதிபர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவளே போட்டாள். மோட்டரின் சத்தம் முதலில் லேசாக இருந்தது. பிறகு பாரம் ஏறிக் கனத்தது. மேட்டில் தாங்கிக்குள் தண்ணீர் விழுந்தது. திங்கட்கிழமை மாதிரி யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, பிள்ளைகள் தாங்களாகவே கத்தினார்கள்.

இராமையா முதலாளிக்கு ஒரு திறமை உண்டு. எதில் விழுந்தாலும் எழும்பும்போது கையில் ஒரு மாலையோடு எழும்புவார். தாம்பாளத்துப் பயறைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"பாத்தீங்களா சேர்? தண்ணிக்குள்ளயே மொள விட்டிருக்கு. அப்பாவோட ஆசீர்வாதம். பூசைக்குப் பலன் இல்லாமப் போகுமா?" என்றவர், புதிதாக வாங்கி வந்த ஒரு கிலோப் பையைப் பிரித்துக்கொண்டு மேடையை நோக்கி வந்தார். "குத்தம் கழிஞ்சிருச்சு. இதையும் போட்டுட்டா முழுசாச் சரியாயிரும்."

இந்த மனிதனுக்கு என்ன சொல்லியும் புரியாது, தண்ணீரே நேரில் வந்து சொன்னாலும் புரியாது. பரிமளம் சம்பின் இரும்பு மூடியை இழுத்து மூடினாள். அதன் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கலைச்செல்வி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"போடணும்னா கூட்டான் வச்சுப் புள்ளைங்களுக்குப் போடுங்க மொதலாளி. பசியோட நிக்குதுங்க," என்றாள் பரிமளம். பிறகு அதிபர் பக்கம் கையை நீட்டினாள். "சேர், பொம்பளப் புள்ளைங்க பக்கத்துச் சாவி."

அவர் முதலாளியைப் பார்த்தார். மதிலை நினைத்திருக்கலாம். பிறகு வரிசையில் நிற்கும் தொண்ணூற்றிரண்டு பெண்பிள்ளைகளைப் பார்த்தார். அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சட்டைப்பையிலிருந்து சாவிக்கொத்தை முழுதாக எடுத்து அவள் கையில் வைத்தார்.

"நாளையிலயிருந்து மோட்டரை நீரே பாரும்," என்றார், மெல்லிய குரலில், வேறு எங்கோ பார்த்தபடி.

"நாளைக்குச் சனிக்கெழம சேர்."

முதலாளி பையைத் திரும்பக் கட்டிக்கொண்டு போனார். மதில் வரவில்லை, பலகையை எடுத்துப் போகவும் அவருக்கு ஞாபகம் வரவில்லை. இரும்பு மூடி துருப்பிடித்து ஓரத்தில் கை நுழையும் அளவுக்கு ஓட்டையாகியிருந்ததால், பரிமளம் அந்தப் பலகையைக் கழற்றி எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து, மூடியின் மேல் வைத்து ஒரு கல்லை ஏற்றினாள். நல்ல பலகை. இலை விழாது, தானியமும் விழாது.

லக்ஷிகாவை அன்றே மருந்தகத்துக்குக் கூட்டிப்போய் மருந்து வாங்கினாள். திங்கட்கிழமை பள்ளிவிட்டு வந்ததும் மகளின் பையைத் திறந்து போத்தலை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை.